ஐந்தும் ஐந்தும்: இலக்கங்களைத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தின் வரலாறு

இந்தியாவில் ஒருவர் தம் கைபேசி எண்ணைச் சொல்லும்போது பெரும்பாலும் ஐந்து இலக்கங்களைச் சொல்லி நிறுத்துகிறார். கேட்பவர் அந்த ஐந்தையும் திருப்பிச் சொன்ன பிறகு அடுத்த ஐந்து வருகிறது; அதுவும் திருப்பிச் சொல்லப்படுகிறது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் மதுரையிலும் இதே நிறுத்தம்தான். எந்தப் பள்ளியிலும் இது கற்பிக்கப்படவில்லை. ஆனால் அதே மனிதர் தம் வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லத் தொடங்கினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஒருவர் மூன்று மூன்றாகச் சொல்கிறார். இன்னொருவர் நான்கு நான்காகச் சொல்கிறார். மற்றொருவர் மூச்சு உள்ளவரை சொல்லிக்கொண்டே போகிறார். பணம் போய்ச் சேர வேண்டிய எண்ணுக்கு இல்லாத ஓர் ஒழுங்கு, பேச்சு போய்ச் சேர வேண்டிய எண்ணுக்கு எவ்வாறு கிடைத்தது என்பது ஆராயத்தக்க கேள்வி.

திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது தொலைபேசிக்கு முந்திய வழக்கம். தந்தி அலுவலகங்களில் அது விலையுள்ள ஒரு சேவையாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சர்வதேசத் தந்தி விதிகளின்படி, அனுப்புபவர் கூடுதல் கட்டணம் செலுத்தினால், அவருடைய செய்தி ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்குச் சென்றதும் பெற்றவர் அதைத் திருப்பி அனுப்பிச் சரிபார்ப்பார். கட்டணம் செலுத்தாதவரின் செய்தியில் பிழை நேர்ந்தால் அந்த இழப்பில் பெரும்பகுதி அவரையே சாரும். சரிபார்த்தல் என்பது உழைப்பு, அதற்கு ஒருவர் கூலி தர வேண்டும் என்பது அங்கே மறைக்கப்படவில்லை.

1882 சனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டபோது இந்த உழைப்பு ஆபரேட்டரின் வேலைக்குள் அடங்கியது. கல்கத்தா நிலையத்தில் தொடக்கத்தில் இருந்த சந்தாதாரர்கள் 93 பேர் மட்டுமே. இரண்டு இலக்கங்களில் அடங்கும் ஊரில் குழப்பத்திற்கு இடம் குறைவு. சந்தாதாரர்கள் பெருகப் பெருக எண்கள் நீண்டன. அழைப்பவர் சொன்ன எண்ணை ஆபரேட்டர் திருப்பிச் சொல்லிவிட்டு இணைப்பதே கையால் இணைக்கும் நிலையங்களின் பொது நடைமுறையாயிற்று. வெளியூர் அழைப்பான டிரங்க் காலில் இதன் மதிப்பு இன்னும் கூடியது. 180ஐ அழைத்து ஊரையும் எண்ணையும் பதிவு செய்துவிட்டு, சாதாரணம், அவசரம், மின்னல் என்ற மூவகைக் கட்டணங்களில் ஒன்றைத் தேர்ந்து, சில வேளைகளில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. பதிவுச் சீட்டில் ஓர் இலக்கம் பிழைத்தால் அந்தக் காத்திருப்பு முழுவதும் வீண். ஆகவே பதிவின்போது திருப்பிச் சொல்வதற்குச் செலவாகும் சில நொடிகளை யாரும் மிகையாகக் கருதவில்லை.

1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நாட்டின் முதல் எஸ்டிடி இணைப்பு வந்தது. அழைப்பவரே சுழற்றினால் போதும். நடுவில் மனிதக் குரல் தேவையில்லை. இந்த மாற்றத்தை விரைவின் வரலாறாகவே பலரும் எழுதுகின்றனர். ஆனால் ஆபரேட்டர் விலகியபோது, எண்ணைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் மூன்றாவது ஆளும் விலகினார். அதன் பிறகு ஓர் எண்ணின் சரித்தன்மை, அதைச் சொன்னவரும் குறித்துக்கொண்டவரும் நேரில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதையே நம்பி நின்றது. தவறினால் அழைப்பு வேறொரு வீட்டில் ஒலித்தது. "ராங் நம்பர்" என்று யாரோ சொன்னார்கள். சிறு எரிச்சலோடு, ஓர் அழைப்பின் கட்டணத்தோடு பிழை தானாக வெளிப்பட்டுவிட்டது. தொலைபேசி எண்ணுக்கே உரிய இந்தப் பாதுகாப்பு பின்னர் முக்கியமாகிறது.

எண்ணை எங்கே வெட்டுவது என்பதைத் தொடக்கத்தில் தீர்மானித்தது இயந்திரம். பெருநகரங்களின் ஏழு இலக்க எண்ணில் முதல் மூன்று தொலைபேசி நிலையத்தைக் குறித்தன. கடைசி நான்கு அந்த நிலையத்தின் சந்தாதாரரைக் குறித்தன. அதனால் மக்கள் மூன்று, நான்கு என்று சொன்னார்கள். ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு முதல் மூன்றும் முன்பே தெரியும். உண்மையில் நினைவில் வைக்க வேண்டியவை நான்கே. கைபேசி எண்ணின் ஐந்தும் ஐந்தும் இதே வழியில் வந்தவை. 1995 சூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு தில்லியிலிருந்த சுக்ராமை அழைத்த நாளிலிருந்து கணக்கிடப்படும் இந்தியக் கைபேசி வரலாற்றின் முதற்கட்டத்தில், பத்து இலக்கங்களில் முதல் ஐந்து சேவை வகையையும் வட்டாரத்தையும் நிறுவனத்தையும் காட்டின. தில்லியில் 98100 என்று தொடங்கினால் ஒரு நிறுவனம், 98110 என்று தொடங்கினால் மற்றொன்று. எஞ்சிய ஐந்தே ஆளுக்குரியவை. முதல் ஐந்தைக் கேட்டதும் கேட்பவர் அதை ஒரு பெயரைப் போல அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய நினைவின் மீது விழுந்த பாரம் பத்து அல்ல, ஐந்துதான்.

அந்த வசதி நீடிக்கவில்லை. நிறுவனங்கள் பெருகி 99, 97, 94 என்று புதிய தொடர்கள் திறந்தபோதே முதல் ஐந்தின் அடையாளம் மங்கத் தொடங்கியது. 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி தொடங்கியது. 2011 சனவரி 20 முதல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. அதன் பிறகு முதல் ஐந்து இலக்கங்கள் எந்த நிறுவனத்தையும் உறுதியாகக் காட்டுவதில்லை. பொருள் போயிற்று, நிறுத்தம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இந்த எச்சம் மனித நினைவுக்கு எவ்வளவு பொருந்துகிறது? 1964இல் வேய்ன் விக்கல்கிரன் நடத்திய சோதனைகளில், இலக்கங்களை மனத்துக்குள் மூன்று மூன்றாகச் சொல்லிக்கொண்டவர்களே மிகக் குறைவாகத் தவறினார்கள். ஐந்து என்பது அந்த அளவைத் தாண்டிய குழு. ஆயினும் ஐந்து நன்றாகவே வேலை செய்கிறது. அதன் காரணத்தைக் கார்டன் பவரும் டேவிட் வின்சென்சும் 1969இல் வெளியிட்ட ஆய்விலிருந்து விளங்கிக்கொள்ளலாம். ஒரே இலக்கத் தொடரை ஒரே பிரிப்புடன் மீண்டும் மீண்டும் கேட்டவர்களுக்கு அது மெல்ல மெல்லப் பதிந்தது. அதே தொடரை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வெட்டிச் சொன்னபோது, எத்தனை முறை கேட்டும் முன்னேற்றம் தோன்றவில்லை. கேட்டவர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய தொடராகவே இருந்தது. காது பதிவு செய்வது தனித்தனி இலக்கங்களை மட்டுமன்று. குழுவையும் சேர்த்தே பதிவு செய்கிறது. ஆகவே குழுவின் அளவைவிட, சொல்பவரும் திருப்பிச் சொல்பவரும் ஒரே இடத்தில் வெட்டுவதே பெரிதாகிறது. ஐந்தும் ஐந்தும் சிறந்த வெட்டு அல்ல. ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்ட வெட்டு.

ஒப்புக்கொண்ட வெட்டு இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கு எண்ணைக் கொண்டு பார்க்கலாம்: 70274418605. பாஸ்புக்கைப் பார்த்து ஒருவர் மூன்று மூன்றாக வாசிக்கிறார்: ஏழு பூஜ்யம் இரண்டு, ஏழு, டபுள் நான்கு, ஒன்று எட்டு ஆறு, பூஜ்யம் ஐந்து. எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்கிறார். "டபுள்" என்ற சொல்லை அவர் சரியாகவே கேட்டார். ஆனால் விரல் அதை அடுத்த இலக்கத்தின் மீது ஏற்றிவிடுகிறது. திரையில் நிற்பது 70274118605. நான்கு ஒருமுறை, ஒன்று இருமுறை. மொத்த இலக்கங்கள் பதினொன்றுதான். ஆகவே நீளத்தை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் இதைத் தடுக்காது.

இப்போது அவர் எண்ணைத் திருப்பிச் சொல்கிறார். அது மூன்று விதமாக நடக்கக்கூடும். முதலாவது, அவர் திரையைப் பார்க்காமல் காதில் இன்னும் நிற்கும் ஒலியைத் திருப்பிச் சொல்வது. "ஏழு, டபுள் நான்கு" என்றே அவர் சொல்கிறார். சொன்னவர் "சரி" என்கிறார். இருவரும் உண்மையே பேசினார்கள். ஆனால் சரிபார்க்கப்பட்டது கேட்டவரின் நினைவு, திரையில் உள்ள எண் அன்று. அன்றாடத்தில் இந்த வழக்கம் ஏமாற்றும் இடம் பெரும்பாலும் இதுவே. கேட்ட ஒலி சில நொடிகள் மனத்தில் தங்குகிறது. அந்த நொடிகளுக்குள் திருப்பிச் சொன்னால் நாக்கு அந்த ஒலியைத்தான் எடுக்கும்.

இரண்டாவது, திரையைப் பார்த்து, ஆனால் தம் பழக்கத்தின்படி இரண்டிரண்டாகச் சொல்வது: எழுபது, இருபத்தேழு, நாற்பத்தொன்று, பதினெட்டு, அறுநூற்றைந்து. சொன்னவரின் மனத்தில் இருப்பதோ 702, 744, 186, 05. அவர் தம் எண்ணை அந்த நொடியில் மறுபடி வெட்டி 70, 27, 44, 18, 605 என்று மாற்றிக்கொண்டால்தான் ஒப்பிட முடியும். பெரும்பாலோர் அவ்வாறு செய்வதில்லை. தொடக்கமும் முடிவும் பழகிய ஒலியாக இருந்தால் நடுவில் தலையாட்டிவிடுகிறார்கள். பன்மொழிச் சூழலில் இந்தச் சுமை இன்னும் கூடுகிறது. இந்தியில் 35 பைந்தீஸ், 45 பைந்தாலீஸ். 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ். ஓர் அசை கேட்காவிட்டால் எண் பத்து தாண்டிவிடும். இலக்கங்களைத் தனித்தனியாக, அதுவும் பல வேளைகளில் ஆங்கிலச் சொற்களில், சொல்லும் வழக்கம் மொழி கடந்து பரவியதற்கு இது ஒரு காரணமாகலாம். அந்த ஆங்கிலத்திலும் ஐந்தும் ஒன்பதும் ஒரே உயிரொலியைப் பகிர்ந்துகொள்கின்றன. வானொலித் தொடர்பாளர்கள் ஒன்பதை "நைனர்" என்று நீட்டிச் சொல்வது அதனால்தான்.

மூன்றாவது, திரையைப் பார்த்து, சொன்னவர் வெட்டிய இடத்திலேயே வெட்டி, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வது: ஏழு பூஜ்யம் இரண்டு, ஏழு நான்கு ஒன்று. இரண்டாம் குழுவிலேயே பிழை அகப்படுகிறது. "டபுள்" என்ற சொல்லை இங்கே தவிர்ப்பதும் பொருளுள்ளது. முதலில் குழப்பிய சொல்லையே திருப்பிச் சொல்லும்போதும் கையாண்டால், அதே குழப்பம் இரண்டாம் முறையும் மறைந்துகொள்ளும். முதல் முறை டபுள் என்று சொல்லப்பட்டதைத் திருப்பும்போது "நான்கு நான்கு" என்று விரித்துச் சொல்வதே சோதனை.

இணையவழிப் பணப்பரிமாற்றத்தில் திருப்பிச் சொல்ல எதிரில் யாரும் இல்லை. அதற்கு மாற்றாக வந்ததே கணக்கு எண்ணை இரண்டு முறை தட்டச்சு செய்யச் சொல்லும் முறை. இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. துளை அட்டைகளில் தரவு பதிந்த காலத்தில், ஒருவர் துளையிட்ட அட்டையை மற்றொருவர் சரிபார்ப்பு இயந்திரத்தில் வைத்து, மூல ஆவணத்தைப் பார்த்து மீண்டும் தட்டுவார். இரண்டும் வேறுபட்டால் இயந்திரம் நின்றுவிடும். அந்த முறையின் உயிர் இரண்டாவது ஆளில் இருந்தது. இன்றைய படிவத்தில் இரண்டு முறையும் தட்டுபவர் ஒருவரே. பார்ப்பது ஒரே துண்டுச்சீட்டு. விரல் வழுக்கினால் இரண்டு பெட்டிகளும் வேறுபடும்; பிழை தெரியும். சீட்டில் எழுதும்போதே நான்கு ஒன்றாகியிருந்தால் இரண்டு பெட்டிகளும் ஒரே தவறான எண்ணில் முழுமையாக ஒத்துப்போகும். முதற்பெட்டியின் எண்ணை நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டிவிட்டால் சோதனையே நடைபெறவில்லை. பல வங்கிகள் ஒட்டுவதைத் தடுத்து, முதற்பெட்டியைப் புள்ளிகளால் மறைப்பது இதனால்தான்.

ஆள் இல்லாத இடத்தில் திருப்பிச் சொல்லும் வேலையை எண்ணுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்ற எண்ணமும் பழையது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இன்றும் வங்கி அட்டைகளில் இருக்கிறது: முன்னுள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்ட ஓர் இலக்கம் கடைசியில் சேர்க்கப்படுகிறது; ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு ஒவ்வாது. அருகருகே உள்ள இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். 09, 90 ஆகும் இடத்தில் மட்டும் அது கண்ணை மூடிக்கொள்கிறது. 1969இல் நெதர்லாந்தின் யாக்கோபஸ் வெர்ஹூஃப் மக்கள் உண்மையில் செய்யும் இலக்கப் பிழைகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, ஓர் இலக்கம் வேறோர் இலக்கமாக மாறிய பிழைகள். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அருகருகே உள்ளவை இடம் மாறியவை. இவ்விரு வகைகளையும் தவறாமல் பிடிக்கும் சரிபார்ப்பு இலக்கத்தை அவர் வடிவமைத்தார்.

இந்தக் கட்டத்தில் இந்திய வரலாறு ஒரு வியப்பான நெருக்கத்தைக் காட்டுகிறது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள தேம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பன்னிரண்டு இலக்கங்கள், நான்கு நான்காக அச்சிடப்பட்டவை, கடைசி இலக்கம் வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்பட்டது. நாட்டுக்கே பொதுவான வெட்டும், எண்ணுக்குள்ளேயே ஒரு காவலும் ஒருசேர அமைந்தன. அதிலிருந்து பதினைந்தாம் நாள், அக்டோபர் 14 அன்று, இந்திய ரிசர்வ் வங்கி மின்னணுப் பணப்பரிமாற்றம் குறித்து ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒரு பெயரை இந்தியாவில் பலவாறு எழுதலாம். பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மனிதத் தலையீடும் தாமதமும் நேர்கின்றன. ஆகவே கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு பணத்தை வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது என்பது அதன் சாரம்.

அந்த எண்ணின் நிலை என்ன? பாரத ஸ்டேட் வங்கியில் பதினோரு இலக்கங்கள். பஞ்சாப் நேஷனல் வங்கியில் பதினாறு. பிற வங்கிகளில் வேறு நீளங்கள். சில வங்கிகள் தங்கள் எண்ணுக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கத்தை வைத்துள்ளன. ஆனால் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான முறை இல்லாததால், அனுப்பும் வங்கியின் திரை அதைக் கொண்டு பிழையைப் பிடிக்க இயலாது. பாஸ்புக்கிலும் காசோலையிலும் எண் பெரும்பாலும் இடைவெளி இன்றி ஒரே சரமாக அச்சாகிறது. ஆக, ஒரே இலையுதிர் காலத்தில் அடையாள எண்ணுக்குக் குழுவும் காவலும் கிடைத்தன. பண எண்ணுக்கு அவ்விரண்டும் இல்லாமலே முழு அதிகாரம் கிடைத்தது. தந்திக் காலத்தில் கட்டணம் பெற்றுக்கொண்டு அலுவலகம் செய்த வேலை, கட்டணமின்றி வாடிக்கையாளரின் கண்ணுக்கும் விரலுக்கும் மாற்றப்பட்டது.

தவறான தொலைபேசி எண் தானே வாய் திறந்து "ராங் நம்பர்" என்றது. தவறான கணக்கு எண் பேசுவதில்லை. அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். இருந்துவிட்டால் அது அங்கேயே வரவாகும், அதை மீட்க அந்தக் கணக்குக்காரரின் இசைவை நாட வேண்டியிருக்கும். இதனால்தான் மக்கள் தாமே ஒரு வழியைக் கண்டார்கள்: முதலில் ஒரு ரூபாய் அனுப்புவது, பெற வேண்டியவரை அழைத்து "வந்ததா" என்று கேட்பது, பிறகு முழுத் தொகையை அனுப்புவது. தொலைந்துபோன மறுமொழியை ஒரு ரூபாய்க்கு விலைக்கு வாங்கும் ஏற்பாடு இது.

2024 டிசம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி மீண்டும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்புவதற்கு முன், தரப்பட்ட கணக்கு எண்ணுக்குரியவரின் பெயரை அனுப்புபவருக்குக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் 1க்குள் அளிக்க வேண்டும் என்றது. 2010இல் இயந்திரத்தின் வேகத்திற்காக விலக்கப்பட்ட பெயர், மனிதக் கண்ணுக்காகத் திரும்பி வந்தது. இயந்திரம் ஒப்பிடத் திணறிய பலவகை எழுத்துக்கூட்டல்களை மனிதர் ஒரு பார்வையில் ஒப்பிடுவார். ஆயினும் பெற வேண்டியவரின் பெயர் வங்கியில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்று அறியாதவருக்கும், திரையைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்துபவருக்கும் அது உதவாது.

பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கோ இன்றுவரை சரிபார்ப்பு இலக்கம் இல்லை. ஓர் இலக்கம் மாறினாலும் அது பெரும்பாலும் இன்னொருவரின் எண்ணாகவே இருக்கும். வங்கிக் கணக்கும் பணச் செயலியும் கைபேசி எண்ணோடு கட்டப்பட்டுவிட்ட பிறகு, அந்தப் பத்து இலக்கங்களின் பிழையும் பணப் பிழையாகிவிட்டது. ஐந்தைக் கேட்டு, எழுதியதைப் பார்த்து, அந்த ஐந்தையே திருப்பிச் சொல்வதுதான் எண்ணைக் குறிக்கும் அந்த நொடியில் கைவசம் உள்ள ஒரே சோதனை.